தலைமை ஆசிரியருக்கு எழுதிய திரையிடல் கடிதம்

நன்னெறிக் காணொளித் தொடர் ஒன்றை 6 முதல் 8ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே போட்டுக் காட்ட நானும் நண்பர்களும் அனுமதி கேட்டோம். எட்டுப் பகுதிகள், ஒவ்வொன்றும் ஏழு நிமிடத்துக்குள். உண்மை பேசுதல், கேலி செய்யாமை, பொதுப்பொருளைப் பாதுகாத்தல் என்று பகுதிக்கு ஒரு கதை.

கடிதம் எழுதும் முன், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவரிடம் பேசினேன். அவர் சொன்னதுதான் கடிதத்துக்கே அடிப்படை ஆனது. “தம்பி, நீங்க எழுதறதை ஹெச்.எம். மட்டும் படிக்கிறதில்லை. நாளைக்கு ஒரு பெற்றோர் வந்து ‘யார் இவங்க, என்ன படம் போட்டாங்க’ன்னு கேட்டா, அவர் கோப்பைத் திறந்து உங்க கடிதத்தைத்தான் காட்டணும். அந்தப் பதில் அதிலேயே இருக்கணும்.”

அதனால் நன்னெறியின் அருமை பற்றி ஒரு வரிக்கு மேல் எழுதவில்லை. அது அவருக்குத் தெரியாததா என்ன! பொருள் வரியிலேயே கேட்பதைச் சொல்லிவிட்டோம்: ‘6 முதல் 8ஆம் வகுப்பு மாணவர்களுக்கு நன்னெறிக் காணொளித் தொடர் திரையிட அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.’ உள்ளே முக்கியப் பத்தி இப்படி இருந்தது:

“வாரம் ஒரு பகுதி வீதம், நீதிபோதனைப் பாடவேளையில், வகுப்பு ஆசிரியர் உடனிருக்கத் திரையிட விரும்புகிறோம். கட்டணம் ஏதும் இல்லை. விளம்பரமோ, மதம், கட்சி சார்ந்த கருத்தோ இதில் இல்லை. மாணவர்களின் பெயர், கைப்பேசி எண் போன்ற விவரங்களைக் கேட்கமாட்டோம், புகைப்படம் எடுக்கமாட்டோம். தேர்வு வாரங்களில் திரையிடல் இராது.”

நேரக் கணக்கையும் எழுதினோம். 40 நிமிடப் பாடவேளையில் பிள்ளைகள் வந்து அமர ஐந்து நிமிடம், படம் ஏழு நிமிடம், மீதி நேரம் பேச்சு. எட்டையும் ஒரே நாளில் போட்டுவிடலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்தடுத்துப் போட்டால் முதல் கதையைப் பற்றிப் பிள்ளைகள் வாய் திறப்பதற்குள் இரண்டாவது கதை வந்துவிடும். அந்தப் பேச்சுக்காகத்தானே படமே.

கடிதத்துடன் இரண்டு இணைப்புகள். ஒன்று, தொடரைத் தயாரித்தவர்கள் கொடுத்த எழுத்துப்பூர்வ அனுமதி. இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம் என்பது வேறு, பள்ளியில் கூட்டமாகத் திரையிட உரிமை இருக்கிறது என்பது வேறு. இன்னொன்று, ஒவ்வொரு பகுதியின் கதையும் இரண்டு வரியில், அதன் நீளம், படம் முடிந்ததும் கேட்கும் இரண்டு கேள்விகள். எல்லாப் பகுதிகளையும் பென் டிரைவில் போட்டு, ஆசிரியர்கள் முதலில் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும் என்றும் எழுதியிருந்தோம். அலுவலகத்தில் கொடுத்தபோது நகலில் தேதியும் பெற்றதற்கான கையொப்பமும் வாங்கிக்கொண்டேன். பிறகு விசாரிக்கப் போனபோது அந்த நகல் உதவியது.

தலைமை ஆசிரியர் அழைத்தபோது எட்டையும் பார்த்து முடித்திருந்தார். மூன்றாம் பகுதியை மட்டும் வேண்டாம் என்றார். அதில் ஒரு சிறுவன் பக்கத்துப் பையனின் பேனாவை எடுத்துவிடுகிறான், கடைசியில் திருந்துகிறான். கதை நல்லதுதான். ஆனால் பேனாவை எடுக்கும் பையன் மட்டும் கிழிந்த சட்டையோடு வருகிறான். “என் வகுப்பில் அப்படிச் சட்டை போட்டுட்டு வர்ற பையன் இருக்கான். படம் முடிஞ்சதும் எல்லாரும் அவனைத்தான் திரும்பிப் பார்ப்பாங்க” என்றார். நாங்கள் அந்தப் பகுதியைப் பலமுறை பார்த்திருந்தும் இது கண்ணில் படவில்லை. வகுப்பில் நிற்பவருக்குத்தான் இது தெரியும். முன்பார்வைக்குக் கொடுப்பது சும்மா ஒரு சடங்கு இல்லை என்பதை அன்று நேரிலேயே பார்த்தேன். அந்தப் பகுதியை நீக்கிவிட்டோம்.

அப்புறம் ஒரு வகுப்பில் மட்டும் ஒரு பகுதியைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். முந்தின நாளே போய் அறையைப் பார்த்தோம். ஜன்னல் வெளிச்சத்தில் திரை வெளிறிப்போனது, அதனால் எதிர்ப்பக்கச் சுவருக்கு மாற்றினோம். மடிக்கணினியின் ஒலி கடைசி பெஞ்சுக்குப் போகவில்லை, தனி ஸ்பீக்கர் வேண்டியிருந்தது. இணையத்தை நம்பவே இல்லை, கோப்பைப் பென் டிரைவிலிருந்தே ஓட்டினோம்.

படம் கேலி செய்வது பற்றியது. ‘அந்தப் பெண் ஏன் சிரித்துக்கொண்டே அழுதாள்?’ என்பது முதல் கேள்வி. முதலில் யாரும் பேசவில்லை. நான் பதிலைச் சொல்லிவிடாமல் காத்திருந்தேன். ஒரு மாணவி எழுந்து, “கோபப்பட்டா இன்னும் கேலி பண்ணுவாங்க, அதான்” என்றாள். அதன்பின் மணி அடிக்கும்வரை பேச்சு நிற்கவில்லை.

வகுப்பு ஆசிரியர் தன் கருத்தை எழுதிக் கொடுத்தார். அதையும் எங்கள் கடிதத்தோடு கோப்பில் சேர்த்து, மீதமுள்ள ஆறு பகுதிகளுக்கும் தலைமை ஆசிரியர் அனுமதி எழுதினார். ஒரு நிபந்தனை சேர்த்திருந்தார்: கேள்விகளை இனி வகுப்பு ஆசிரியரே கேட்க வேண்டும், நாங்கள் படம் ஓட்டுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். உடனே சரி என்றோம்.