பூண்டு எண்ணெய்க்கு அனுமதி வாங்கப் பட்ட பாடு

டொரண்டோ பக்கத்துச் சந்தை ஒன்றில் நானும் அண்ணியும் ஊறுகாய், பொடி வகைகள் விற்கிறோம். இந்த வருடம் ஆலிவ் எண்ணெயில் பூண்டும் ரோஸ்மேரியும் ஊறிய பாட்டிலையும் சேர்க்க நினைத்து அனுமதி கேட்டோம். மற்றவற்றுக்கெல்லாம் படிவம், லேபிள் என்று சட்டென்று முடிந்தது. இது ஒன்றுதான் எங்களைப் படுத்தி எடுத்துவிட்டது.

அலுவலக கவுன்டரில் இருந்தவர், "ஆய்வக ரிப்போர்ட் கொண்டுவாங்க" என்று மட்டும் சொன்னார். என்ன பரிசோதனை என்று கேட்டால், "அங்கேயே கேளுங்க." ஆய்வகத்தில் வழக்கமான பாக்டீரியா எண்ணிக்கையும் பூஞ்சைச் சோதனையும் செய்து, நல்ல தொகை வாங்கிக்கொண்டு, சுத்தம் என்று எழுதிக் கொடுத்தார்கள். சுகாதாரப் பரிசோதகர் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அந்தக் காசு போன எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. ஆனால் அவர் சொன்ன காரணம் நியாயமானது.

பயம் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமியைப் பற்றியது. அதன் வித்துகள் மண்ணில் இருப்பவை. மண்ணுக்குள் விளையும் பூண்டிலும், செடியோடு வெட்டும் மூலிகையிலும் ஒட்டிக்கொண்டு வரும். எவ்வளவு கழுவினாலும் முழுக்கப் போகாது. காற்று இல்லாத இடம், ஈரம், புளிப்பில்லாமை, அறை வெப்பம் நான்கும் சேர்ந்தால் வித்து முளைத்து நஞ்சை உண்டாக்கும். எண்ணெய் காற்றை அடைக்கிறது. ஈரம் பூண்டுக்குள்ளேயே இருக்கிறது. புளிப்பை அளக்கும் எண்ணான pH குறையக் குறையப் புளிப்பு கூடும்; பூண்டுக்கு அது சுமார் 6. இந்தக் கிருமியைத் தடுக்க அது 4.6-க்கு மேல் போகக்கூடாது. மீதி வேலையை சமையலறை அலமாரி பார்த்துக்கொள்ளும். வழக்கமான எண்ணிக்கைச் சோதனையில் கிருமியைக் காற்றுபட வளர்க்கிறார்கள். காற்றே ஆகாத இந்தக் கிருமி அதில் எப்படித் தெரியும்? ஒரு பாட்டிலில் இல்லை என்பதால் அடுத்த பாட்டிலிலும் இல்லை என்றாகாது.

1985-ல் வான்கூவரில் நடந்ததை அவர்தான் சொன்னார். ஒரு உணவகத்தில் எண்ணெயில் போட்ட நறுக்கிய பூண்டை ஃபிரிட்ஜில் வைக்காமல் வெளியே வைத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள். 36 பேருக்கு நோய். சாப்பிட்டவர்கள் வெவ்வேறு ஊர்களுக்குப் போய்விட்டதால் பலருக்கு முதலில் வேறு நோய் என்றே சிகிச்சை நடந்தது. பார்வை இரட்டையாகத் தெரிவது, இமை தொங்குவது, நாக்கு குழறுவது, விழுங்க முடியாமல் போவது என்று தொடங்கி மூச்சு வரை போகும். பெரும்பாலும் காய்ச்சல் இருக்காது. எண்ணெயின் வாசனையிலோ ருசியிலோ எந்த மாற்றமும் தெரியாமல் போகலாம்.

"நம்ம பூண்டு ஊறுகாயும் எண்ணெயில்தானே மிதக்குது?" என்று அண்ணி கேட்டார். அதில் புளி, உப்பு இருக்கிறது, pH அளந்துதான் அனுமதித்தோம் என்றார் பரிசோதகர். அப்போதுதான் தேவையான ரிப்போர்ட் எது என்று எங்களுக்குத் தெரிந்தது: புளிப்பேற்றிய பூண்டின் pH. இதை கவுன்டரில் ஒரே வரியில் சொல்லியிருக்கலாம்.

எண்ணெய்க்கு pH கிடையாது என்பதால், முழு பாட்டிலைக் கொண்டுபோனால் திருப்பி அனுப்புவார்கள். துண்டுகளை வடித்து, அரைத்துத்தான் அளக்க வேண்டும். நாங்கள் செய்தது இது: தோலுரித்த பூண்டை 6 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் நறுக்கி, 3 சதவீத சிட்ரிக் ஆசிட் கரைசலில் (1 லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 30 கிராம்) 24 மணி நேரம் ஊறவைத்தோம். பூண்டு ஒரு பங்கு என்றால் கரைசல் எடையில் மூன்று பங்கு. வடித்த பிறகு பூண்டைப் போலப் பத்து மடங்கு எண்ணெய். முழுப் பல்லாகப் போட்டால் நடுப்பகுதிக்குப் புளிப்பு போய்ச் சேராது. மேலே எலுமிச்சை பிழிவதும் போதாது; சாறு எண்ணெயோடு கலக்காது. ரோஸ்மேரியையும் தனியாக, அதன் எடையைப் போலப் பத்து மடங்கு கரைசலில் ஊறவைத்தோம். இரண்டும் 4.2-க்குக் கீழே வந்தன. மறுவாரம் அனுமதி கைக்கு வந்தது. அண்ணி கவுன்டரிலேயே கைதட்டிவிட்டார்.

வீட்டுக்குச் செய்கிறவர்களுக்கு இவ்வளவு வேண்டாம். அன்றைக்குத் தேவையானதை மட்டும் செய்யுங்கள். மிஞ்சினால் 4 டிகிரி ஃபிரிட்ஜில் நாலு நாள், அதற்கு மேல் என்றால் ஃப்ரீசர். காய்ச்சிய எண்ணெயில் போட்டோம் என்று வெளியே வைக்காதீர்கள். கொதி வெப்பம் நஞ்சை அழிக்கும், வித்தை அழிக்காது. அலமாரியில் வாரக்கணக்கில் நிற்கிற பாட்டிலை முகர்ந்தோ ருசி பார்த்தோ முடிவு செய்யாமல், மூடியைத் திறக்காமல் அப்படியே பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள்.