ஏழு மணி நேரமா, மூன்று நாளா?

எங்கள் மாதாந்திர அறிக்கையில் அந்தப் புகாருக்கு எதிரே பச்சை நிறம் இருந்தது. 'எட்டு மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும். 7 மணி 10 நிமிடத்தில் சரிசெய்யப்பட்டது' என்பது அதன் பொருள். அதே புகாரைப் பற்றி வாடிக்கையாளர் எழுதிய மின்னஞ்சலோ, "மூன்று நாள் எங்களைத் தவிக்க விட்டுவிட்டீர்கள்" என்று தொடங்கியது. இரண்டும் உண்மை.

அவர் ரத்தப் பரிசோதனை லேப் நடத்துபவர். வயதில் எனக்கு மூத்தவர். லேபில் எடுக்கும் ரிப்போர்ட்டுகள் எங்கள் மென்பொருள் வழியாகத்தான் அச்சாகின்றன. எஸ்எல்ஏ என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் சேவை நிலை ஒப்பந்தத்தில் ஒரு வருடத்துக்கு முன்பே கையெழுத்துப் போட்டிருந்தார். படிக்கவில்லை. படித்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது, அதை எழுதியவர்கள் அவரை மனதில் வைத்து எழுதவில்லை. புதுப்பிக்கும் நேரம் வந்தபோது, "நீ போய் அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிட்டு வா" என்று என்னை அனுப்பினார்கள்.

முதலில் தவறான இடத்தில் தொடங்கினேன். மென்பொருள் 99.5 சதவீத நேரம் இயங்கும் என்ற உறுதியை விளக்கினேன். முப்பது நாள் மாதத்தில் மொத்தம் 43,200 நிமிடங்கள். அதில் அரை சதவீதம் 216 நிமிடம், அதாவது மாதத்தில் சுமார் மூன்றரை மணி நேரம் நின்றுபோனாலும் எங்கள் கணக்கில் தவறில்லை. அவர் தலையாட்டினார். அப்புறம் கேட்டார்: "தம்பி, அன்னைக்கு உங்க சாப்ட்வேர் நிக்கவே இல்லையே. ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு. ரிப்போர்ட் மட்டும் வரல. அது இந்தக் கணக்குல எங்க வருது?"

வராது. சர்வர் உயிரோடு இருந்தால் அந்த எண்ணுக்குப் போதும். சரி, இவரிடம் சதவீதம் பேசிப் பயனில்லை என்று விட்டுவிட்டு, அந்த ஒரு புகாரின் பதிவைத் திறந்து நேரம் நேரமாகச் சேர்ந்து படித்தோம்.

வெள்ளிக்கிழமை மாலை 4.40-க்குப் புகார் பதிவானது. 5.05-க்கு எங்கள் ஆள் "பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்று பதில் எழுதினார். ஒப்பந்தத்தில் 'பதில் நேரம் ஒரு மணி' என்று இருந்தது. 25 நிமிடத்தில் அந்தக் கடமை முடிந்தது. "ஒரு மணி நேரத்துல சரி பண்ணிடுவீங்கன்னுல்ல நெனச்சேன்!" என்றார். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் நினைக்கிறார்கள். பதில் நேரம் என்பது ஒரு ஆள் உங்கள் புகாரைக் கையில் எடுக்க ஆகும் நேரம், அவ்வளவுதான். சரிசெய்யும் நேரம் அடுத்த வரியில் தனியாக இருக்கும்.

5.20-க்கு எங்கள் ஆள் பிரின்டரின் விவரமும் திரையின் படமும் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினார். அந்த நொடியில் பதிவின் நிலை `Waiting for customer` என்று மாறியது. கடிகாரம் நின்றது. எங்கள் கணக்கில் அதுவரை ஓடியது 40 நிமிடம். அந்த மின்னஞ்சல் போய்ச் சேர்ந்த லேப் ஊழியரோ 5.15-க்கே வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். அவர் பதில் எழுதியது திங்கள் காலை 10 மணிக்கு. அப்போது மறுபடி ஓடத் தொடங்கிய கடிகாரம், மாலை 4.30-க்குப் பிரச்சினை தீர்ந்ததும் நின்றது. ஆறரை மணி நேரமும் அந்த 40 நிமிடமும் சேர்ந்து 7 மணி 10 நிமிடம். சுவர்க் கடிகாரத்தில் பார்த்தால் 71 மணி 50 நிமிடம்.

அந்த மின்னஞ்சலே போகாமல் இருந்திருந்தாலும் சனியும் ஞாயிறும் கணக்கில் வந்திருக்காது. திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 9 முதல் மாலை 6 வரை என்பதுதான் ஒப்பந்தத்தின் 'வேலை நேரம்'. எங்கள் அலுவலகத்துக்கு அது பொருத்தம். ஞாயிறும் திறந்திருக்கும் லேபுக்கு அல்ல.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்போ கடிகாரம் உங்க கையிலதான் இருக்கு" என்றார். மறுக்க முடியவில்லை. 5.20-க்கு ஒரு போன் போட்டிருந்தால் வேறு யாராவது விவரம் சொல்லியிருப்பார்கள். எங்கள் ஆள் விதியை மீறவில்லை. விதி அவரைப் போன் போடச் சொல்லவில்லை. கெட்ட எண்ணத்தோடு கடிகாரத்தை நிறுத்துபவர்களும் உண்டு. கெடு நெருங்கும்போது தேவையே இல்லாத ஒரு கேள்வியை அனுப்பிவிடுவார்கள். பதிவில் கெடுவுக்குச் சற்று முன்னால் 'காத்திருப்பு' அடிக்கடி வந்தால் சந்தேகப்படலாம்.

அதன்பின் மாற்ற வேண்டியவற்றை அவரே சொன்னார், நான் எழுதிக்கொண்டேன். புகார்களை அவசரத்துக்கேற்ப நிலைகளாகப் பிரிக்கும் பகுதியில் 'முதல் நிலை: வணிகச் செயல்பாட்டைக் கடுமையாகப் பாதிக்கும் குறைபாடு' என்று இருந்ததை அடித்துவிட்டு, 'ரிப்போர்ட் நோயாளியின் கைக்குப் போக முடியாத நிலை' என்று வைத்தோம். முன்பு அந்தப் புகாரை எங்கள் ஆள் இரண்டாம் நிலை என்று முடிவுசெய்திருந்தார். இனி விவாதத்துக்கே இடமில்லை. முதல் நிலைக்கு நான்கு மணி நேரக் கெடு. விவரம் கேட்டுக் கடிகாரத்தை நிறுத்துவதென்றால், குறிப்பிட்ட இரண்டு எண்களுக்கும் போன் செய்த பிறகே நிறுத்தலாம். முழுத் தீர்வு வரும்வரை மாற்று வழி ஒன்று தந்தாலும் கெடு நிறைவேறியதாகும். இது எங்களுக்குச் சாதகமான வரி என்று எச்சரித்தேன். "பரவாயில்ல, எனக்கு ரிப்போர்ட் வெளிய போனா போதும்" என்றார்.

நாள் முழுக்க, வாரம் முழுக்க ஆள் வேண்டுமென்றால் கட்டணம் வெகுவாக ஏறும். அதனால் முதல் நிலைக்கு மட்டும், எல்லா நாட்களிலும் காலை 7 முதல் இரவு 8 வரை என்று முடிவானது. பழைய புகாரை அதில் ஓட்டிப் பார்த்தோம். வெள்ளி 4.40 முதல் இரவு 8 வரை 3 மணி 20 நிமிடம், மீதி 40 நிமிடம் மறுநாள் காலையில். கெடு சனிக்கிழமை காலை 7.40. "எட்டு மணிக்குத்தான் ரிப்போர்ட் கொடுக்க ஆரம்பிப்போம். சரியா இருக்கு" என்றார்.

"செய்யலன்னா?" என்பது அடுத்த கேள்வி. அதைத்தான் பயந்துகொண்டிருந்தேன். கெடு தவறினால் அந்த மாதக் கட்டணத்தில் ஐந்து சதவீதம் கழிவு. மாதத்துக்கு அதிகபட்சம் பதினைந்து. அதுவும் முப்பது நாளுக்குள் அவர் எழுதிக் கேட்டால்தான். அவருடைய நஷ்டத்துக்கு அது ஈடாகாது, ஈடாக எழுதப்பட்டதும் அல்ல. சிரித்தார். அவருக்கு உண்மையில் பலம் தரும் வரி பின்பக்கத்தில் இருந்தது: தொடர்ந்து மூன்று மாதம் கெடு தவறினால், முன்னறிவிப்புக் காலமின்றி விலகலாம். அதைக் காட்டியதும் பேனாவால் கோடு போட்டுக்கொண்டார்.

இதையெல்லாம் எளிய தமிழில் ஒரு பக்கத்தில் எழுதித் தருகிறேன் என்று கிளம்பும்போது சொன்னேன். அது நல்ல யோசனை என்றே நம்பியிருந்தேன். அவர் கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தார். 'இவ்வொப்பந்தத்தில் இல்லாத வாய்மொழி உறுதிகளும் பிற ஆவணங்களும் கட்டுப்படுத்தா.' அன்றைக்கு அவர் தானாகவே படித்துப் புரிந்துகொண்ட முதல் வரி அதுதான்.

"அப்போ அந்தப் பக்கம் வேண்டாம் தம்பி. சொன்னதையெல்லாம் இதுக்குள்ளயே எழுதிக் கொண்டு வாங்க."

எங்கள் வழக்கறிஞருக்கு 'நோயாளியின் கைக்கு' என்ற சொல் பிடிக்கவில்லை. இரண்டு வாரம் இழுத்தார், அப்புறம் விட்டுவிட்டார்.