சீசனுக்கு முன் பழைய பதிவுகளைச் சலித்தெடுத்தது

திருகோணமலை உப்புவெளியில் அண்ணா நடத்தும் கெஸ்ட் ஹவுஸுக்கு ஒரு இன்ஸ்டகிராம் பக்கம் இருக்கிறது. அதில் பல வருடப் பதிவுகள் குவிந்து கிடந்தன. மே மாதம் ஆட்கள் வரத் தொடங்குமுன் துப்புரவாக்கித் தா என்று அண்ணி கேட்டதால் உட்கார்ந்தேன்.

ஒரு ஷீட்டில் பதிவுக்கு ஒரு வரி: திகதி, எதைப் பற்றியது, ரீச், சேவ், தகவல் இன்றைக்கும் சரியா. லைக் எண்ணிக்கையை எழுதவே இல்லை. மாலைச் சூரியன் படத்துக்கு சொந்தக்காரர் எல்லாரும் லைக் போடுவார்கள், அறை கேட்டு ஒருவரும் வரமாட்டார். பயணம் வரப்போகிறவர்தான் சேவ் பண்ணி வைப்பார்.

ரீச்சை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தினால் டிசம்பர், ஜனவரிப் பதிவுகள் எல்லாம் அடியில் போய்விடுகின்றன. அது பதிவின் குற்றமில்லை, வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்கும்போது திருகோணமலையை யார் தேடுகிறார்? அதனால் ரீச்சில் எத்தனை பேர் சேவ் செய்தார்கள் என்று வகுத்துப் பார்த்தேன். டிசம்பரில் போட்ட திமிங்கிலப் பதிவை 400 பேர்தான் பார்த்திருந்தார்கள், ஆனால் 20 சேவ், அதாவது நூற்றுக்கு ஐந்து. ஜூலைச் சூரியனுக்கு 6,000 ரீச், 12 சேவ். மறுபடி போட வேண்டியது எது என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

புறாத்தீவுப் பதிவுகள்தான் வேலை வாங்கின. கேப்ஷனில் பழைய டிக்கெட் விலை இருந்தவற்றில் அதை எடுத்துவிட்டு, "கட்டணம் மாறும், கிளம்புமுன் கேளுங்கள்" என்று எழுதினேன். விலையைப் படத்துக்குள்ளேயே எழுதி வைத்திருந்தவற்றை என்ன செய்ய, போட்டபின் கேப்ஷனைத் திருத்தலாமே தவிர படத்தை மாற்ற விடாது. அவற்றை ஆர்கைவுக்கு அனுப்பிவிட்டுப் புதிதாகச் செய்தேன். இன்னொன்று, பக்கத்திலேயே அதிக ரீச் போன படம், ஒருவர் பவளப்பாறை மேல் ஏறி நிற்கிறார். புறாத்தீவு ஒரு தேசியப் பூங்கா, பவளம் காலடியில் நொறுங்கும். எவ்வளவு ஓடியிருந்தாலும் அதுவும் ஆர்கைவுக்குத்தான்.

அழித்தால் 30 நாளில் நிரந்தரமாகப் போய்விடும். ஆர்கைவில் லைக்கும் கமெண்டும் அப்படியே இருக்கும், வேண்டும்போது திருப்பி எடுக்கலாம். ஆனால் சேவ் பண்ணி வைத்தவருக்கும் அது தெரியாமல் போகும், ஆகவே சேவ் அதிகமுள்ளதை மறைக்காமல் திருத்தப் பார்ப்பது நல்லது.

திமிங்கிலத்தை ஸ்டோரியில் மட்டும் போடவில்லை, அது 24 மணித்தியாலத்தில் போய்விடும். பழைய பதிவை விட்டுவைத்து, அதே வீடியோவில் வால் எழும்பும் இடத்தை முதலில் வைத்து வெட்டி, புது ரீலாக மேயில் போட்டோம். அதை மற்ற மே மாதப் பதிவுகளோடுதான் ஒப்பிட வேண்டும், பழைய டிசம்பரோடு அல்ல.

திருகோணமலைக் கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு எதுவும் தேவைப்படவில்லை, எந்த மாதம் போட்டாலும் ஓடுகிறது.