இரைச்சலில் உயிரெழுத்து தப்பிக்கும்

மொத்த மளிகைக் கடையில் ஆர்டர் எழுதுவது என் வேலை. கடை கடையாக ஆர்டர் எடுக்க லைனுக்குப் போகும் பையன்கள் பெரும்பாலும் மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டுதான் பேசுவார்கள், போன் அதைத் தானே எழுத்தாக்கும், அதை அப்படியே வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். வந்து விழுவது இப்படி இருக்கும்:

"கடல வருது ராம்நாடு ராம்நாடு இருபது மூட்டை பரமக்குடி படைக்கு நாளைக்கு."

புதிதாகச் சேர்ந்தவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கு இதில் பெரிய சிக்கல் இல்லை. வாய்விட்டுப் படித்து, மெய்யை மறந்துவிட்டு உயிரோசையை மட்டும் கேட்க வேண்டும். 'வருது' என்பதில் அ, உ, உ. 'பருப்பு' என்பதிலும் அதே அ, உ, உ. ஆக, அவன் சொன்னது கடலைப் பருப்பு. 'படைக்கு' என்பது 'கடைக்கு'. உயிரொலி நீளமானது, சத்தமும் கூடுதல். பஸ் உறுமலுக்கு மேலேயும் கேட்கும். க, த, ப எல்லாம் கண நேர ஒலிகள். இன்ஜின் சத்தம் முதலில் விழுங்குவது அவற்றைத்தான். விழுந்த ஓட்டையில் போன் தனக்குத் தெரிந்த ஏதாவது ஒரு சொல்லைப் பொருத்திவிடுகிறது. அதனால்தான் ஒவ்வொரு சொல்லும் நல்ல தமிழாக இருக்கும், சேர்த்துப் படித்தால் உளறலாக இருக்கும்.

'ராம்நாடு' வேறு வகை. அது எழுத்துப் பிசகாமல், இரண்டு முறை, சரக்குக்கும் அளவுக்கும் நடுவில் சம்பந்தமில்லாமல் நிற்கிறது. பக்கத்து பஸ் கண்டக்டரின் குரல் அது. இன்னொரு மனிதக் குரல் என்றால், போன் அதை இரைச்சல் என்று பெரும்பாலும் ஒதுக்குவதில்லை. எடுத்துவிட்டால் வாக்கியம் ஒட்டிக்கொள்ளும்.

(ல, ள, ழ குழப்பத்தை நான் கணக்கில் எடுப்பதே இல்லை. அது அமைதியான அறையிலும் வரும். பேசுகிறவரின் நாக்கு அப்படி.)

நான் பயப்படுவது 'இருபது' என்ற சொல்லுக்குத்தான். உளறல் உளறலாகவே தெரியும், கண் அங்கே நின்றுவிடும். எண் அப்படியில்லை. இருபது, அறுபது, எழுபது மூன்றுக்கும் வால் ஒன்றுதான். தலையில் இருக்கும் ஓர் உயிரும் அடுத்து வரும் ஒரு மெய்யும்தான் வித்தியாசம். அந்த நொடியில் ஒரு ஏர்ஹாரன் அடித்தால் போதும், அறுபது இருபதாகிவிடும், வாக்கியமும் அழகாகவே இருக்கும். பருப்பைக் கண்டுபிடித்த வழி இங்கே உதவாது. ஹாரன் உயிரையும் சேர்த்தே மூடிவிடுகிறது.

அதனால் எங்கள் கடையில் எண்ணிக்கையை மட்டும் இரண்டு விதமாகச் சொல்லச் சொல்லியிருக்கிறோம்: "அறுபது, ஆறு சைபர்." இரண்டும் ஒத்துப்போனால் பில் போடுவேன். "இருபது, ஆறு சைபர்" என்று வந்தால் போன் போட்டுக் கேட்பேன். பையன் பஸ்ஸுக்குள் ஏறி உட்கார்ந்த பிறகு கேட்பது நல்லது. பிளாட்பாரத்திலேயே நின்று பதில் சொன்னால் அதுவும் எனக்குச் சரியாகக் காதில் விழாது.