ரப்பர் பால் விற்பதா, ஷீட் அடிப்பதா: கூட்டத்துக்கு முன்பே ஒரு தாள் அனுப்பி முடிவெடுத்த விதம்

குலசேகரம் பக்கம் 28 சிறு ரப்பர் விவசாயிகள் சேர்ந்த குழு எங்களுடையது. ஆளுக்குச் சுமார் ஒரு ஏக்கர், எல்லாருடையதும் சேர்த்து வருஷம் 20,000 கிலோ உலர் ரப்பர். முடிவெடுக்க வேண்டிய விஷயம் ஒன்றுதான்: 6 லட்சம் ரூபாய் செலவில் பொதுப் புகைப்புரை கட்டி, ரப்பர் பாலை உறைய வைத்துத் தகடாக்கிப் புகையில் உலர்த்தி ஷீட்டாக விற்பதா, அல்லது பாலாகவே ஒன்றாகச் சேர்த்துக் கொடுப்பதா. இதற்காக முன்பு இரண்டு முறை கூடியபோதும், கணக்கை வாசித்து விளக்கவே ஒன்றேகால் மணி நேரம் போய்விட்டது. பேச்சு சூடு பிடிக்கும் நேரத்தில் ஆட்கள் எழுந்து விட்டார்கள். மூன்றாவது முறை, ஒன்பது பேர் கமிட்டிக்கு முன்வாசிப்புத் தாளை முதலிலேயே அனுப்பினோம். அதைத் தயாரித்த விதம் இது.

தாளை எழுதத் தொடங்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கூட்டத்தின் முடிவில் குறிப்பேட்டில் எழுதப்போகும் வாக்கியத்தை இப்போதே எழுதிப் பார்க்க வேண்டும். 'புகைப்புரை பற்றி ஆலோசனை' என்பது முடிவு வாக்கியம் ஆகாது. 'ஜூன் முதல் பாலைப் பொதுவாக விற்பது. புகைப்புரைக்குப் பணம் ஒதுக்குவது / ஒதுக்காமல் இருப்பது' என்பது ஆகும். அந்த வாக்கியத்தை எழுத முடியவில்லை என்றால் கூட்டத்தைத் தள்ளிப் போடுவதே நல்லது, எந்தத் தாளும் அதைக் காப்பாற்றாது. எங்கள் தாளின் முதல் பக்கத்தில் இந்த வாக்கியம், இரண்டு வழிகள், தயாரித்தவர்கள் எதைப் பரிந்துரைக்கிறார்கள் என்பது, இவ்வளவுதான் இருந்தது. பரிந்துரையைக் கடைசிப் பக்கத்தில் ஒளித்து வைத்தால், படிக்கிறவர் 'இவன் எங்கே கொண்டுபோய் விடப் போகிறான்' என்ற சந்தேகத்தோடுதான் ஒவ்வொரு வரியையும் படிப்பார்.

இரண்டாம் பக்கம் கணக்கு. அதிகத் தவறு நடப்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

முதல் வரைவில் அன்றைய சந்தை விலையைப் போட்டிருந்தோம். அனுப்பிய மறுநாளே விலை மாறிவிடும், உடனே ஒருவர் 'இந்தக் கணக்கே தப்பு' என்று ஆரம்பிப்பார், பேச்சு முழுக்க விலை பக்கம் சாய்ந்துவிடும். ஆகவே விலையை எடுத்துவிட்டு, விலை எப்படி மாறினாலும் நிற்கும் எண்ணைப் போட்டோம்: எத்தனை ரூபாய் வித்தியாசம் இருந்தால் ஷீட் கட்டுப்படி ஆகும் என்ற எல்லை. ஷீட் அடிக்க ஆசிட், உறைய வைத்து ரோலரில் போட்டுத் தொங்கவிடும் கூலி, விறகு, பராமரிப்பு எல்லாம் சேர்த்து எங்கள் கணக்கில் உலர் ரப்பர் கிலோவுக்கு 16 ரூபாய். புகைப்புரைக்கான 6 லட்சத்தைப் பத்து வருஷத்துக்குப் பிரித்தால், 2 லட்சம் கிலோவுக்கு 6 லட்சம், அதாவது கிலோவுக்கு 3 ரூபாய். ஆக மொத்தம் 19. பாலாக விற்றால் கேன், அமோனியா, வண்டி வாடகை சேர்த்து 5. வித்தியாசம் 14 ரூபாய். ஷீட் விலை பால் விலையைவிடக் கிலோவுக்கு 14 ரூபாய் கூடுதலாக இருந்தால்தான் ஷீட் அடிப்பதில் அர்த்தம் உண்டு. இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு எந்த நாளின் விலையையும் அவரவரே பார்த்துக்கொள்ளலாம்.

அட்டவணை மூன்று பத்திகளுக்கு மேல் போகக் கூடாது: செலவு இனம், ஷீட், பால். ஆறு பத்தி வைத்தால் ஃபோனில் இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பார்க்க வேண்டியிருக்கும், இரண்டாவது இழுப்பிலேயே விட்டுவிடுவார்கள்.

மூன்றாம் பக்கம் மறுப்புகள். தாள் முன்கூட்டியே போனால் டீக்கடையில் முதலிலேயே கட்சி பிரிந்துவிடும் என்ற பயம் நியாயமானதுதான். அதற்கு நாங்கள் கண்ட வழி: எதிர்ப்பவரிடம் போய் அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதி, அவரிடமே வாசித்துக் காட்டி, 'இதுதானே?' என்று கேட்டபின் தாளில் ஏற்றுவது. பாலுக்குப் பணம் கொடுப்பது டி.ஆர்.சி.யை வைத்து, அதாவது பாலில் நூற்றுக்கு எத்தனை பங்கு உலர் ரப்பர் என்ற அளவை வைத்து. பால் விற்பதற்கு எதிராக ஒரு மூத்தவர் சொன்னது இது: "டி.ஆர்.சி. அவன் அளக்கது அவன் கணக்கு. நாம என்னத்த கண்டோம்?" இதையே 'தர அளவீட்டில் வெளிப்படைத்தன்மை குறைவு' என்று நாங்கள் மாற்றி எழுதியிருந்தால், அவர் தாளைப் படித்துவிட்டு மௌனமாக இருந்து கூட்டத்தில் வெடித்திருப்பார். மேற்கோளாகவே போட்டோம்.

அதற்குப் பதில் வாதத்தில் இல்லை, சோதனையில் இருந்தது. ஒரே கேனை நன்றாகக் கலக்கி, இரண்டு குப்பியில் பால் எடுத்து, ஒன்றைப் பரிசோதனைக்கூடத்துக்கும் மற்றதை வாங்குபவருக்கும் கொடுத்தோம். எங்கள் மெட்ரோலாக் 35 காட்டியது, வாங்கியவர் சொன்னது 31, கூடம் சொன்னது 33. மெட்ரோலாக் பாலில் மிதந்து அடர்த்தியைப் பார்த்துச் சொல்லும் உத்தேசக் கருவி, அதனால் அந்த 35-ஐ நம்பிச் சண்டைக்குப் போக முடியாது. ஆனால் 33-க்கும் 31-க்கும் உள்ள இரண்டு புள்ளி விளையாட்டல்ல. நாளைக்குச் சுமார் 400 கிலோ பால் கொடுத்தால், அந்த இரண்டு புள்ளியில் 8 கிலோ ரப்பர் கணக்கில் வராமல் போகும். உலர் ரப்பர் கிலோ 200 ரூபாய் என்று வட்ட எண்ணாக வைத்தால், அந்தப் பாலில் உள்ள 132 கிலோ உலர் ரப்பரில் கிலோவுக்கு ஏறக்குறைய 12 ரூபாய் நஷ்டம். மேலே சொன்ன 14 ரூபாய் எல்லை 2 ரூபாயாகச் சுருங்கிவிடும்.

இதைத் தாளில் எழுதியபோதுதான் ஒன்று தெரிந்தது. கூட்டத்தில் பேச வேண்டியது புகைப்புரையா பாலா என்பதல்ல, டி.ஆர்.சி.யை யார், எப்படிச் சரிபார்ப்பது என்பது. பழைய இரண்டு கூட்டங்களிலும் இந்த இடத்துக்கே யாரும் வந்து சேரவில்லை. இரண்டாம் பக்கக் கணக்கும் மூன்றாம் பக்க மறுப்பும் ஒன்றையொன்று தொடுகிறதா என்று வரைவு முடிந்ததும் ஒருமுறை பாருங்கள். தொட்டால், அந்த இடத்தில்தான் விவாதக் கேள்வி இருக்கும்.

நான்காம் பக்கத்தில் மூன்று கேள்விகளும், கீழே 'முடிவு' என்று தலைப்பிட்ட ஒரு வெற்றுக் கட்டமும். விலைப்பட்டியல், சோதனைச் சீட்டு, புகைப்புரை வரைபடம் எல்லாம் தனி இணைப்பாகப் போயின. அதன் தலையில் 'இதைப் படிக்க வேண்டியதில்லை, சந்தேகம் வந்தால் பார்க்கலாம்' என்று எழுதியிருந்தோம். இப்படி எழுதாவிட்டால் பதினாறு பக்கத்தைப் பார்த்து மலைத்து முதல் பக்கத்தையும் திறக்க மாட்டார்கள். நீளம் சரியா என்று பார்க்க, விஷயம் தெரியாத ஒருவரை வாசிக்கச் சொல்லி நேரம் பாருங்கள். இருபது நிமிடம் தாண்டினால் வெட்டுங்கள்.

இனி அனுப்புவது. கூட்டம் ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு, காலையில் கோயிலும் சர்ச்சும் முடிந்து சாப்பிட்டுவிட்டு வரலாம். தாள் புதன் மாலை போனது. பால்வெட்டு இருட்டிலேயே தொடங்கிவிடும், பாலெடுத்து வேலை முடியும்போது மதியம் நெருங்கிவிடும், அதனால் காலையில் அனுப்பும் எதுவும் அடியில் புதைந்து போகும். பத்து நாள் முன்னால் அனுப்பினால் மறப்பார்கள், முந்தின நாள் இரவு அனுப்பினால் அது மரியாதைக்கு அனுப்பியதுதான். வெள்ளி இரவுக்குள் கேள்வி கேட்கச் சொல்லி, சனிக்கிழமை ஒரே பக்கத்தில் எல்லாக் கேள்விக்கும் பதில் அனுப்பினோம். குரூப்பிலேயே ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லத் தொடங்கினால் கூட்டம் அங்கேயே நடந்து முடிந்துவிடும்.

வேர்டு ஃபைலாக அனுப்ப வேண்டாம். டைப் அடிக்கும் கடைகளில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்துத் தந்தால், அந்த எழுத்துரு இல்லாத ஃபோனில் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் கொட்டும். யூனிகோடில் அடித்து, பி.டி.எஃப். ஆக்கி, விலை குறைந்த ஒரு ஃபோனில் திறந்து பாருங்கள். எழுத்து 16 அளவுக்குக் குறைந்தால் கண்ணாடி போடுகிறவர்கள் திணறுவார்கள். பக்கங்களை ஃபோட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கி மங்கலாக்கிவிடும், டாக்குமெண்டாகவே அனுப்ப வேண்டும். மூன்று பேருக்கு ஜெராக்ஸ் எடுத்து வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தோம்.

திருத்தம் வந்தால் ஃபைல் பெயரில் எண் மாற வேண்டும்:

```
paal_sheet_v1.pdf
paal_sheet_v2.pdf
```

அதே எண் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பக்க எண்ணோடு இருக்கட்டும். பழையதை 'அனைவருக்கும் அழி' கொடுத்தாலும், ஏற்கெனவே இறக்கி வைத்தவரிடம் அது இருக்கும். ஆகவே எந்தப் பக்கத்தில் எந்த எண் மாறியது என்று ஒரு வரியும் கூடவே போக வேண்டும். ஜெராக்ஸ் வாங்கியவர்களை மறந்துவிடாதீர்கள், அவர்கள் கையில் எப்போதும் பழையதுதான்.

நீல டிக் விழுந்தால் படித்துவிட்டார் என்று அர்த்தமில்லை. குரூப்பைத் திறந்தார், அவ்வளவுதான். நிஜமான அடையாளம் கேள்வியில் தெரியும். 'ரெண்டாம் பக்கத்துல கூலி குறைவா போட்டிருக்கே' என்றால் படித்திருக்கிறார். 'மொத்தம் எவ்வளவு ஆவும்?' என்றால் இல்லை.

படிக்காமல் வருபவர் இருக்கத்தான் செய்வார், அதற்காக விளக்கவுரையைத் திரும்பத் தொடங்கக் கூடாது. தொடங்கினால் படித்து வந்தவர் ஏமாந்தவராகிறார், அடுத்த முறை அவரும் படிக்க மாட்டார். அமேசான் நிறுவனத்தில் ஸ்லைடுகளை விட்டுவிட்டு ஆறு பக்கக் குறிப்பைக் கூட்டத்தின் தொடக்கத்தில் எல்லாரும் மௌனமாகப் படிப்பது வழக்கம். நாங்களும் முதல் பத்து நிமிடத்தை அப்படியே ஒதுக்கினோம், நான்கு பக்கத்துக்கு அது போதும், படித்தவர்களுக்கும் ஞாபகம் புதுப்பிக்கும். அந்த நேரத்தில் தாளைத் தயாரித்தவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், இருப்பதிலேயே கஷ்டமான வேலை அதுதான்.

பிறகு மூன்று கேள்விகள், வரிசையாக. பேச்சில் ஐம்பது நிமிடம் டி.ஆர்.சி.யிலேயே போனது, புகைப்புரைக்குப் பத்து நிமிடம் ஆனது. ஜூன் முதல் நவம்பர் வரை, மழையில் ஷீட் காயவைப்பது பாடாய் இருக்கும் மாதங்களில், பால் விற்பது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை இரட்டைக் குப்பிச் சோதனை. இரண்டு சோதனை தொடர்ந்து ஒரு புள்ளிக்கு மேல் குறைந்தால் வாங்குபவரை மாற்றுவது. புகைப்புரைப் பணம் டிசம்பர் வரை தொடாமல் இருப்பது. இதை நான்காம் பக்கத்தின் வெற்றுக் கட்டத்தில் எழுதி, ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டு, அன்றிரவே குரூப்பில் போட்டோம். குப்பிகளைக் கூடத்துக்குக் கொண்டுபோகும் முறை மட்டும் விடுபட்டுவிட்டது, அதை மறுநாள் ஃபோனில் பேசித்தான் முடித்தோம்.