அண்ணாவியாருக்கு எழுதிய குரல் ஒப்பந்தக் கடிதம்

எங்கள் கார்ட்டூன் தொடரில் வரும் கிழட்டு முதலைக்குக் குரல் தர, முள்ளியவளைப் பக்கத்துக் கூத்து அண்ணாவியார் ஒருவரைக் கேட்டிருந்தோம். எங்களுக்குள் என்றால் வாய்ப்பேச்சே போதும். ஆனால் தொடரை வாங்க வந்த லண்டன் தமிழ்த் தொலைக்காட்சி ஒன்று, குரல் கொடுத்த ஒவ்வொருவரும் எழுத்தில் அனுமதி தந்திருக்க வேண்டும் என்றது. கிளிநொச்சியில் யாரிடமும் மாதிரிக் கடிதம் கிடைக்கவில்லை. நானே எழுதினேன்.

முதலில் காசு. ஏழு நிமிட அத்தியாயங்கள் ஆறு. முதலைக்கு வசனம் குறைவு, உறுமலும் இழுத்த சிரிப்பும்தான் கூட. வசனக் கணக்கில் பேசினால் அவருக்கு நட்டம், ஏனென்றால் ஒரு உறுமலையே பத்துத் தடவை எடுக்க வேண்டி வரும். அதனால் அமர்வுக் கணக்கு: நான்கு மணித்தியாலம் ஒரு அமர்வு, இடைவேளையும் அதற்குள். அமர்வுக்கு 20,000 ரூபாய், மூன்று அமர்வு, மொத்தம் 60,000. பாதி கையெழுத்திடும்போது, மீதி கடைசி அமர்வு முடிந்த அன்றே. ‘ஒளிபரப்பானதும் தருவோம்’ என்று எழுதுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். ஒளிபரப்பாகாமலே போன தொடர்களையும் கண்டிருக்கிறேன். பஸ் காசு, சாப்பாடு வேறு. கத்தும் காட்சிகளை அமர்வின் கடைசியில்தான் எடுப்போம், அதுவும் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் போகாது என்றும் எழுதினேன். தொண்டை கட்டினால் மறுநாள் முதலை வேறு முதலையாகிவிடும்.

உரிமைப் பகுதிதான் நாட்களைத் தின்றது. தொலைக்காட்சி கேட்டது ‘எல்லா ஊடகத்திலும், உலகம் முழுவதும், என்றென்றைக்கும்’. அந்த வரியை வாசித்த அண்ணாவியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: “தம்பி, இதில கையெழுத்து வைச்சா என்ர குரல் உங்களுக்கோ? நாளைக்கு சோப்பு விளம்பரத்தில முதலை கதைச்சா நான் என்ன செய்யிறது?”

சரியான கேள்வி. பதிவுக்கு வந்து கதைக்கிறதுக்கான சம்பளம் வேறு, பதிந்த குரலை எங்கே, எவ்வளவு காலம் பாவிக்கலாம் என்ற அனுமதி வேறு. எங்கள் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நிகழ்த்துக் கலைஞருக்கும் உரிமை உண்டு என்கிறது. ஆனால் தகராறு வந்தால் முதலில் பார்ப்பது கையெழுத்திட்ட தாளைத்தான். அதனால் அந்த வரியை இப்படி மாற்றினேன்:

“இத்தொடரின் ஆறு அத்தியாயங்களுக்குள்ளும் அவற்றின் முன்னோட்டத்திலும் மட்டும், உலகம் முழுவதும், தொலைக்காட்சியிலும் இணையத்திலும், முதல் ஒளிபரப்பிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குக் குரலைப் பயன்படுத்தலாம். வேறு பொருட்களின் விளம்பரம், பேசும் பொம்மை, கைபேசி விளையாட்டு ஆகியவற்றுக்குப் புதிதாக எழுத்தில் சம்மதமும் தனிக் கட்டணமும் வேண்டும்.”

இதில் தொலைக்காட்சிக்கு ஒரு பயம். ஐந்து வருடம் கழித்து அவர் மாட்டேன் என்றால்? முடிந்த படத்திலிருந்து ஒருவருடைய குரலை மட்டும் பிரித்தெடுப்பது லேசான வேலை இல்லை. ஆறு அத்தியாயமும் முடங்கும். அதற்கு இன்னொரு வரி: காலம் முடியுமுன் 15,000 ரூபாய் கொடுத்தால் அடுத்த ஐந்து ஆண்டுக்கு நீடிப்பு தானாகவே கிடைக்கும், அவர் மறுக்க முடியாது. காசு கொடுக்காவிட்டால் நீடிப்பு இல்லை. அண்ணாவியார் தலையாட்டினார், லண்டனும் ஓம் என்றது.

மீள்பதிவுக்கும் ஒரு பந்தி. நாங்கள் வசனத்தை மாற்றி அவரைத் திரும்பக் கூப்பிட்டால் அரை அமர்வுச் சம்பளம். உச்சரிப்பு விளங்காததால் திருத்தம் என்றால் ஒரு மணித்தியாலம் வரை இலவசம். மைக்கில் இரைச்சல் விழுந்தால் அது எங்கள் பொறுப்பு, அதற்கும் காசு உண்டு.

திகதிகளில் அவரே என்னைத் திருத்தினார். நான் வைகாசி என்று போட்டிருந்தேன். வற்றாப்பளைப் பொங்கல் காலத்தில் கூத்துக்காரனைக் கூப்பிடுவாரா யாராவது? ஆனிக்கு மாற்றினோம். அப்போது கச்சான் காற்று. எங்கள் ஸ்ரூடியோவின் தகரக் கூரை பகலெல்லாம் சடசடக்கும். அதனால் விடிகாலை ஆறு மணிக்குத் தொடக்கம், முதல்நாள் இரவு கிளிநொச்சியில் தங்குமிடம் எங்கள் செலவு. கார்ட்டூனில் குரல்தான் முதலில் பதிவாகும், வாயசைவை அதற்குப் பிறகுதான் வரைவார்கள். ஒரு அமர்வு தள்ளிப்போனால் வரைகிற பிள்ளைகள் சும்மா இருக்க வேண்டியதுதான். ஆகவே இரு பக்கத்துக்கும் ஒரே விதி: இரண்டு நாளைக்கு முன் சொன்னால் திகதி மாற்றலாம். அதற்குள் நாங்கள் நிறுத்தினால் அவருக்குப் பாதிச் சம்பளம். மின்வெட்டு, சாவு வீடு இரண்டும் விலக்கு.

கடைசியில் அவர் பேனாவால் ஒரு வரி சேர்த்தார்: பெயர்ப்பட்டியலில் தன் பெயருக்குக் கீழே கூத்துக்குழுவின் பெயரும் வர வேண்டும். அந்த இடத்தில் இருவரும் சுருக்கக் கையெழுத்து வைத்தோம், இரண்டு பிரதியிலும். லண்டனுக்கு உரிமைப் பந்தியை மட்டும் ஆங்கிலத்தில் மாற்றி, தமிழ் மூலத்தோடு அனுப்பினேன். முற்பணம் அன்றே அவர் கணக்குக்குப் போனது.