மெயின்டனன்ஸ் 1,400 ரூபாய் ஏறியது: வாடகைதாரரோடு பங்கு பிரித்த கதை

மேடவாக்கத்தில் இருக்கும் எங்கள் ஃபிளாட்டை வாடகைக்கு விட்டிருக்கிறோம். நான் இருப்பது செங்கல்பட்டில். மே மாதம் நடுவில் அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சுற்றறிக்கை வந்தது. மாதப் பராமரிப்புக் கட்டணம் 3,200-லிருந்து 4,600 ரூபாய் ஆகிறது, அதுவும் ஏப்ரல் முதலே. ஏப்ரல் பொதுக்குழுவில் முடிவு செய்தார்களாம். அந்தக் கூட்டத்துக்கு நான் போகவில்லை.

நான் செய்த முதல் தவறு, அந்த அறிக்கையை அப்படியே வாடகைதாரருக்கு அனுப்பி, "தம்பி, அடுத்த மாதத்திலிருந்து 4,600 கட்டிவிடுங்கள், இரண்டு மாத பாக்கி 2,800-ஐயும் சேர்த்துக் கட்டுங்கள்" என்று எழுதியது. இதுவரை மெயின்டனன்ஸை அவர்தான் நேராக அசோசியேஷன் கணக்கில் கட்டிவந்தார். அதனால் ஏறியதும் அவர் பாடுதான் என்று நினைத்துக்கொண்டேன். இரவு பதில் வந்தது: "ஆன்ட்டி, அக்ரிமென்டில் 3,200 என்று தொகையே போட்டிருக்கிறதே. எதற்காக ஏறியது என்று சொன்னால் யோசிக்கலாம்."

அலமாரியிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. "பராமரிப்புக் கட்டணம் ரூ.3,200 வாடகைதாரர் செலுத்த வேண்டும்" என்று ஒரே வரி. உயர்ந்தால் யார் கட்டுவது என்று ஒரு சொல் கூட இல்லை. செப்டம்பர் வரை ஒப்பந்தம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2017 வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த பிறகு, நாங்களும் ஒப்பந்தத்தை எழுதி முறையாகப் பதிந்து வைத்திருக்கிறோம். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட தொகையை நான் மட்டும் ஒரு மெசேஜில் மாற்ற முடியாது. அசோசியேஷனைப் பொறுத்தவரை உறுப்பினர் நான்தான். பாக்கி விழுந்தால் அது என் பெயரில்தான் விழும்.

எதற்காக ஏறியது என்று கேட்டாரே, அதற்கு என்னிடமும் பதில் இல்லை. சுற்றறிக்கையில் இருந்தது மொத்தத் தொகை மட்டும். ஞாயிற்றுக்கிழமை மின்சார ரயிலில் தாம்பரம் வந்து, பஸ் பிடித்து மேடவாக்கம் போனேன். அசோசியேஷன் அறை பூட்டியிருந்தது. பொருளாளர் ஊருக்குப் போயிருக்கிறார் என்றார் காவலாளி. லிஃப்ட் பக்கத்து நோட்டீஸ் போர்டில் பாக்கிப் பட்டியல் ஒட்டியிருந்தது. அதில் எங்கள் ஃபிளாட் எண்ணுக்கு எதிரே 2,800-உம் தாமதக் கட்டணம் 100-உம். தினமும் அந்த வழியாகக் குழந்தையைப் பள்ளிக்கு அழைத்துப் போகும் வாடகைதாரரின் மனைவி அதைப் பார்த்துக் கூசிப் போயிருக்கிறார். அவர்கள் ஒரு மாதம் கூட தவறியதில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது.

இரண்டாம் முறை போன் செய்துவிட்டு, வேலை நாளில் போனேன். அறையில் இருந்த கணக்கர், "மீட்டிங்குக்கு வந்திருந்தால் தெரிந்திருக்கும் மேடம். தனித்தனியாகப் பிரித்தெல்லாம் தர முடியாது" என்றார். நான் கிளம்பவில்லை. பொதுக்குழுவில் படித்த பட்ஜெட் தாளும் தீர்மான நகலும் உறுப்பினருக்குத் தர வேண்டியவைதானே, அதைக் கொடுங்கள் போதும் என்றேன். அரை மணி நேரம் கழித்துப் பொருளாளர் வந்தார், ஒரு பக்கத் தாளை நகல் எடுத்துக் கொடுத்தார். இந்தத் தாள்தான் சிக்கலை அவிழ்த்தது. உங்களுக்கும் இப்படி வந்தால் வாடகைதாரரிடம் பேசுவதற்கு முன்பே இதைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

48 ஃபிளாட்டுக்குக் கணக்குப் போட்டிருந்தார்கள். ஒரு ஃபிளாட்டுக்கு ஏறிய 1,400-இல் இரவுக் காவலுக்குக் கூடுதல் ஆள் 400, தண்ணீர் லாரி 350, பொது மின்சாரமும் ஜெனரேட்டர் டீசலும் 150. மீதி 500 கட்டடத்துக்கு வெளிப்புறம் பெயின்ட் அடிக்கவும் லிஃப்ட் மாற்றவும் 24 மாதம் சேர்க்கும் நிதி. ஆக, 900 ரூபாய் அங்கே குடியிருப்பவர் அனுபவிக்கும் அன்றாடச் செலவு. 500 ரூபாய் என் சொத்துக்காகச் சேரும் பணம். அவர் அடுத்த வருடம் காலி செய்துகொண்டு போய்விட்டால், அவர் கட்டிய பெயின்ட் பணத்தால் அவருக்கு என்ன பயன்? வாடகைச் சட்டத்தின் அட்டவணையிலும் கட்டமைப்புப் பழுது, வெள்ளையடிப்பு எல்லாம் வீட்டுக்காரர் பக்கம்தான் இருக்கின்றன. இதை அவர் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன்.

அன்றே மாடி ஏறிப் போய்த் தாளை அவர்கள் முன் வைத்தேன். முதலில் அப்படிக் கேட்டது தப்பு என்றேன். பேச்சு பத்து நிமிடத்தில் முடிந்தது. ஏப்ரல், மே பாக்கி 2,800 என்னுடையது, ஏனென்றால் அவருக்குத் தெரியும் முன்பே ஏற்றியது அது. 500 ரூபாய் நிதி எப்போதும் என்னுடையது. 900-ஐ ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆளுக்குப் பாதி. இதில் அவர் ஒப்பந்தப்படி ஒரு ரூபாய் கூட தர வேண்டியதில்லை, ஆனாலும் "லாரித் தண்ணீர் நாங்கள்தானே செலவழிக்கிறோம்" என்று அவரே ஒத்துக்கொண்டார். அதன்படி நான்கு மாதமும் அவர் கட்டுவது 3,650, நான் கட்டுவது 950. அக்டோபரில் ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது 900-உம் அவர் பக்கம் போகும், அதாவது அவருக்கு 4,100, எனக்கு 500.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் நான் சம்மதிக்கவில்லை. எல்லாவற்றையும் வாடகையோடு சேர்த்து ஒரே தொகையாக ரசீது கொடுத்தால் தனக்கு ஹெச்ஆர்ஏ கணக்கில் உதவும் என்று கேட்டார். அப்படிச் செய்தால் பராமரிப்புப் பணமும் என் வாடகை வருமானமாகிவிடும். 30 சதவீத நிலையான கழிவு போக மீதிக்கு நான் வரி கட்ட வேண்டிவரும். செலவு உண்மையில் அசோசியேஷனுக்குப் போனதைக் காட்டிக் கழித்துக்கொள்வதும் எளிதல்ல. விளக்கியதும் புரிந்துகொண்டார். பழையபடியே அவர் பங்கை அவரும் என் பங்கை நானும் நேராக அசோசியேஷன் கணக்கில், ஃபிளாட் எண் குறிப்பிட்டுக் கட்டுகிறோம்.

பேசியதை ஒரு வெள்ளைத்தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, ஒப்பந்தத்தோடு பின் செய்து வைத்திருக்கிறேன். அக்டோபர் ஒப்பந்தத்துக்கு இந்த வரியையும் எழுதி வைத்துவிட்டேன்: "காவல், தண்ணீர், பொது மின்சாரம், துப்புரவு ஆகிய நடப்புச் செலவுகளில் ஏற்படும் உயர்வை, அசோசியேஷனின் எழுத்துப்பூர்வமான விவரம் காட்டப்பட்ட அடுத்த மாதம் முதல் வாடகைதாரர் ஏற்பார். பெயின்ட், லிஃப்ட் போன்ற மூலதன நிதிகள் உரிமையாளருடையவை." தொகையை எழுதாமல் செலவின் வகையை எழுதுங்கள். 3,200 என்று எழுதியதால்தான் எனக்கு இவ்வளவு அலைச்சல்.

நோட்டீஸ் போர்டு விஷயத்தை விடவில்லை. மே மாதம் அறிவித்த உயர்வுக்கு ஏப்ரலில் எப்படித் தாமதக் கட்டணம் விழும் என்று தலைவருக்கும் செயலாளருக்கும் கடிதம் கொடுத்தேன். ஒரு வாரத்தில் 100 ரூபாயை ரத்து செய்தார்கள், பட்டியலையும் கிழித்தார்கள். மாத ரசீதில் நடப்புச் செலவையும் நிதியையும் தனித்தனி வரியாகக் காட்டுங்கள் என்றும் அதே கடிதத்தில் கேட்டிருந்தேன். எங்கள் கட்டடத்தில் பாதிப் பேர் வாடகைக்கு விட்டவர்கள்தான், அவர்களும் ஆதரவாகக் கையெழுத்துப் போட்டார்கள். ஜூலை ரசீது 4,100, 500 என்று இரண்டு வரியாக வந்தது. அதைப் போட்டோ எடுத்து முதலில் எனக்கு அனுப்பியவர் வாடகைதாரரின் மனைவிதான்.